புளி ஊசியைக் கரைப்பதில்லை: மடும்பியும் சேனையும் ஏன் காறுகின்றன

"டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு ஸூலு அம்மா மடும்பியைத் தோலோடு அவித்து, உப்புத் தொட்டுத் தின்னத் தருவார், ஒன்றும் செய்யாது. அதே சந்தையில் வாங்கி நான் புளி ஊற்றிக் கறி வைத்தால் நாக்கும் தொண்டையும் நமநமக்கிறது. இந்தியக் கடையில் வாங்கிய சேனையை வறுத்தபோதும் இதே கதைதான். புளி சேர்த்தால் காறாது என்று ஆயா சொல்வார். கால்சியம் ஆக்சலேட்டைப் புளி உண்மையிலேயே கரைக்கிறதா?"

கரைப்பதில்லை, கரைத்தாலும் மிகச் சிறு பங்குதான். ஆனால் ஆயா சொன்னதைப் பொய் என்றும் தள்ள முடியாது. உங்கள் கறி காறியதற்கு, புளி எவ்வளவு விட்டீர்கள் என்பதைவிட எப்போது விட்டீர்கள் என்பதே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் கிழங்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மடும்பி என்று நாம் இங்கே சொல்வது சேப்பங்கிழங்குதான், ஸூலுவில் அமாடும்பே. சேப்பங்கிழங்கும் சேனையும் ஒரே குடும்பத்துச் செடிகள். இரண்டின் சதையிலும் சாதாரண மாவு நிறைந்த செல்களுக்கு நடுவே, நீண்ட தனி வகைச் செல்கள் அங்கங்கே இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் அம்பறாத்தூணி. உள்ளே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். ஊசி ஒன்றின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. தடிமன் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இந்தக் குடும்பத்துச் செடிகளின் ஊசிகளில் நீளவாக்கில் பள்ளமும், சிலவற்றில் மீன்பிடி முள்ளைப் போலச் சிறு கொக்கிகளும் உண்டு. ஊசிகளைச் சுற்றிக் கொழகொழப்பான பசை இருக்கிறது. பச்சைக் கிழங்கை வெட்டும்போதோ கடிக்கும்போதோ தண்ணீர் உள்ளே புகுந்து அந்தப் பசை உப்பும். செல்லின் முனை மெல்லியது என்பதால், ஊசிகள் அந்த வழியே வெளியே பாயும். அதே கிழங்கில் நட்சத்திர உருண்டை வடிவத்திலும் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது. அது காறலுக்குக் காரணமல்ல. ஒரே உப்பு, வேறு வடிவம், வேறு விளைவு. ஆகவே "இந்தக் கிழங்கில் ஆக்சலேட் எவ்வளவு" என்ற ஓர் எண்ணை வைத்து அது காறுமா காறாதா என்று சொல்லிவிட முடியாது.

வெறும் குத்தல் மட்டும் என்றால் முள் குத்தியதுபோல வலித்துவிட்டு நிற்க வேண்டும். இவ்வளவு நேரம் அரித்து வீங்க வேண்டியதில்லை. ஊசியின் மேல் ஒட்டியிருக்கும் புரதம்தான் இதில் இரண்டாவது ஆள். உண்ணும் சேப்ப இனங்களின் ஊசிகளைத் தனியே பிரித்து ஆராய்ந்த ஆஸ்திரேலியாவின் பிராட்பரி, நிக்சன் என்ற இருவரும் 1998இல் இதைத்தான் முன்வைத்தார்கள்: ஊசி மெல்லிய தோலைத் துளைக்கிறது, அதன் மேலுள்ள புரோட்டியேஸ், அதாவது புரதத்தைச் சிதைக்கும் நொதி, அந்தத் துளை வழியே உள்ளே போய் எரிச்சலை உண்டாக்குகிறது. 2014இல் ஜப்பானில் கொன்னோவும் சக ஆய்வாளர்களும் பட்டுப்புழுவை வைத்து இதன் அடிப்படையைக் காட்டினார்கள். கிவிப் பழத்திலிருந்து எடுத்த ஊசிகளை மட்டும் கொடுத்தால் புழுவுக்குப் பெரிய தீங்கில்லை. புரோட்டியேஸ் மட்டும் கொடுத்தாலும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது புழுக்கள் செத்தன. அது கிவியின் ஊசி, பட்டுப்புழுவின் குடல்; நம் நாக்கில் சேனை செய்வதை அப்படியே அளந்த சோதனை அல்ல. ஊசி, அதன் மேல் புரதம் என்ற கூட்டணி எனக்கு உறுதியாகத் தெரிகிறது. எந்தக் கிழங்கில் எந்தப் புரதம், அதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இனி புளிக்கு வருவோம். பழைய தாவரவியல் ஆய்வகங்களில் ஒரு சோதனை உண்டு. நுண்ணோக்கியின் கீழ் ஒரு படிகம் தெரிகிறது. அது கால்சியம் கார்பனேட்டா, ஆக்சலேட்டா என்று தெரிய வேண்டும். ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவார்கள். கார்பனேட் என்றால் குமிழி விட்டுக் கரைந்துபோகும்; ஆக்சலேட் அசையாமல் கிடக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால்தான் ஆக்சலேட் கரையும். அசிட்டிக் அமிலம் என்பது வினிகரின் அமிலமே. வினிகருக்குக் கரையாத ஊசி புளித்தண்ணீருக்கு மட்டும் எப்படிக் கரையும்?

கணக்குப் போட்டும் பார்க்கலாம். சாதாரணத் தண்ணீர் ஒரு லிட்டரில் கால்சியம் ஆக்சலேட் ஏறக்குறைய 7 மில்லிகிராம் கரையும். புளிக்கரைசலின் புளிப்பு, pH 3 அளவில் வைத்துக்கொண்டால், லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராமாக உயரும். நான்கு மடங்கு என்பது பெரிதாகத் தோன்றலாம். அரைக் கிலோ கிழங்கு எடுத்திருக்கிறீர்கள், 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் கால்சியம் ஆக்சலேட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம் (வகைக்கு வகை இது நிறைய மாறும்). மொத்தம் 200 மில்லிகிராம். உங்கள் கறியில் குழம்பு இரண்டு குவளை, அதாவது 400 மில்லிலிட்டர் இருந்தால், அதில் கரையக்கூடியது 12 மில்லிகிராம். நூற்றுக்கு ஆறு. கொதிநிலையில் கொஞ்சம் கூடுதலாகக் கரையும், புளியின் டார்டாரிக் அமிலம் கால்சியத்தைச் சற்றுப் பிடித்தும் வைக்கும் என்று இரட்டிப்பாக்கினால்கூட எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. மிச்ச ஊசி அத்தனையும் தட்டுக்கு வந்துவிடும்.

வேக வைப்பதும் ஊசியை அழிப்பதில்லை. இந்த உப்பு சிதைய நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும். கொதிக்கும் தண்ணீரும் பிரஷர் குக்கரின் 120 டிகிரியும் அதற்கு அருகில்கூட வராது. பிள்ளைகளின் பள்ளி நுண்ணோக்கி, 100 மடங்கு பெரிதாக்குவது, வீட்டில் இருந்தால் நீங்களே பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு பச்சை மடும்பியின் வெட்டிய முகத்தைக் கத்தி முனையால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். வைக்கோல் கட்டு அவிழ்ந்து சிதறியதுபோல ஊசிகள் தெரியும். பிறகு நன்றாக வெந்த, கொஞ்சமும் காறாத கிழங்கை அதேபோல எடுத்துப் பாருங்கள். அதிலும் ஊசிகள் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா தந்த கிழங்கிலும் நீங்கள் ஊசிகளைத்தான் தின்றீர்கள்.

அப்படியானால் அது ஏன் காறவில்லை? வேகும்போது மூன்று காரியம் நடக்கிறது. ஊசி மேலிருந்த புரதம், முட்டை வெள்ளைக்கரு கட்டியாவதுபோல உருக்குலைந்து வேலையை இழக்கிறது. அம்பறாத்தூணிச் செல் செத்துவிடுவதால் ஊசியை எறியும் விசை போய்விடுகிறது. சுற்றியுள்ள மாவு தண்ணீர் குடித்துக் கூழாகி ஊசிகளைத் தன்னுள் புதைத்துக்கொள்கிறது. மெல்லும்போது அவை நாக்கை நேராகத் தொடாமல் மாவோடு சேர்ந்து வழுக்கிப் போகின்றன. மூன்றில் எதற்கு அதிகப் பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றுக்கும் தேவை ஒன்றே: கிழங்கின் நடு மையம் வரை சூடு போய், தண்ணீரோடு சேர்ந்து, போதுமான நேரம் நிற்க வேண்டும்.

புளி கெடுப்பது இந்த இடத்தில்தான். புளி விட்ட பிறகு பருப்பு வேகாது என்பது எந்தச் சமையலறைக்கும் தெரிந்த சேதி. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் இளகாது. கிழங்குக்கும் அதே விதி. பச்சை மடும்பியைத் துண்டு போட்டு, மசாலாவில் வதக்கி, புளியும் தக்காளியும் ஊற்றி மூடினால், வெளிப்புறம் குழம்பில் ஊறிப் பார்வைக்கு வெந்ததுபோல இருக்கும். நடுவில் ஒரு வெள்ளை அரிசி அளவுக்கு நறுக்கென்று நிற்கும். காறுவது அந்த நடு. மேலும் புளி ஊற்றினால் அது இன்னும் வேகாமல் நிற்குமே தவிர, ஊசிக்கு ஒன்றும் ஆகாது.

அரைக் கிலோவுக்கு நான் சொல்லும் முறை இது. ஏறக்குறைய ஒரே பருமனுள்ள, முட்டை அளவுக் கிழங்குகளாகப் பொறுக்குங்கள். நடுவில் இருக்கும் பெரிய தாய்க்கிழங்கு, பக்கக் கிழங்குகளைவிடக் காறும் வாய்ப்பு அதிகம். அது கலந்திருந்தால் தனியே வேக வையுங்கள். மண்ணைத் தேய்த்துக் கழுவி, தோலோடு, முழுதாக, மூழ்கும் அளவைவிட இரண்டு விரற்கடை கூடுதலாகத் தண்ணீர் விட்டு, இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்தபின் 30 முதல் 40 நிமிடம். குக்கரில் என்றால் அழுத்தம் ஏறியபின் 10 நிமிடம். மெல்லிய கத்தியால் நடுவில் குத்துங்கள். ஒரே வழவழப்பாக இறங்க வேண்டும், நடுவில் சிறு தடை தட்டினாலும் இன்னும் பத்து நிமிடம். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே தோலை உரித்து, அதனோடு ஒட்டிய நார்ப்பகுதியையும் எடுத்துவிடுங்கள். இதற்குப் பிறகுதான் தாளிப்பு, வெங்காயம், மசாலா. எலுமிச்சை அளவுப் புளியை இரண்டு குவளை நீரில் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகும் வரை கொதிக்க விட்டு, உரித்த கிழங்கைப் போட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். ஸூலு வீட்டு அவியலும் உங்கள் கறியும் இப்போது ஒரே கிழங்கைப் பயன்படுத்துகின்றன. புளி மேலே வந்து சேர்கிறது, அவ்வளவே.

வெந்த கிழங்கில் புளிக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மிச்சமிருக்கும் புரதத்தை அமிலமும் குலைக்கக்கூடும். புளிப்பு எச்சிலை ஊறவைக்கும். ஊறிய எச்சில் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கும். குழம்பின் எண்ணெயும் ஊசிக்கும் நாக்குக்கும் நடுவில் ஒரு படலம் போடும். பல தேசத்துச் சமையல்காரர்கள் தனித்தனியே சேப்பங்கிழங்குக்குப் புளிப்பைச் சேர்க்கிறார்கள் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இவை அளந்து நிறுவியவை அல்ல. ஊசி கரையவில்லை என்பதுதான் நிறுவப்பட்டது.

இதையே ஜோஹானஸ்பர்கில், லெனேசியாவில் இருக்கும் உறவினர் யாராவது செய்து பார்த்துவிட்டு "எங்களுக்குக் காறுகிறது" என்றால் வியப்படைய வேண்டாம். அந்த வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேல் உயரம். தண்ணீர் அங்கே 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். டர்பனின் 40 நிமிடம் அங்கே போதாது. ஒரு மணி நேரத்தை ஒட்டி வைக்க வேண்டும், அல்லது குக்கர்.

சேனை வறுவலில் நடந்தது இதன் இன்னொரு முகம். எண்ணெய் 170, 180 டிகிரி இருக்கும். ஆனால் துண்டுக்குள் ஈரம் இருக்கும்வரை உட்புறம் 100ஐத் தாண்டாது. கட்டைவிரல் தடிமனுள்ள துண்டு நான்கைந்து நிமிடத்தில் வெளியே சிவந்துவிடும். நீங்கள் எடுத்துவிடுவீர்கள், நடு இன்னும் பச்சை. உறைய வைத்துப் பையில் வருவதும் பெரும்பாலும் பச்சைக் கிழங்குதான். உறையவைப்பதால் செல் உடையுமே தவிர, புரதம் குலையாது. ஆகவே சேனையை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, மஞ்சளும் உப்பும் போட்ட நிறையத் தண்ணீரில் 15, 20 நிமிடம் வேகவைத்து, வடித்து, ஈரம் போக உலரவிட்டு, பிறகு வறுங்கள். வேகவைக்காமல் நேரே பொரிக்க ஆசை என்றால் காசு கனத்துக்கு மேல் போகாத மெல்லிய சீவலாக, மொறுமொறுப்பு வரும்வரை மட்டுமே. துருவிய பச்சை மடும்பியை மாவில் கலந்து கனமான வடையாகத் தட்டுவதும், மெதுவாக வேகும் மின்சாரச் சட்டியில் குறைந்த சூட்டில் பச்சையாகப் போடுவதும் அடிக்கடி ஏமாற்றும் இரண்டு வழிகள். மைக்ரோவேவும் அப்படியே: ஒரு பக்கம் மசிந்திருக்கும், இன்னொரு பக்கம் வேகாமலே இருக்கும்.

சேனையில் வகையும் பெரிய வித்தியாசம் செய்யும். காறுகருணை, காறாக்கருணை என்று தமிழில் பழைய பெயர்களே இருக்கின்றன. இந்தியாவில் பயிரிடப்படும் கஜேந்திரா, திருவனந்தபுரத்துக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ பத்மா போன்றவை காறாத வகைகள். பையின் மேல் வகையின் பெயர் இருக்காது என்பதுதான் சிக்கல். எனவே எந்தப் புதுக் கிழங்கானாலும் வெந்தபின் ஓர் அரிசி அளவு எடுத்துக் கீழுதட்டின் உள்பக்கத்தில் தேய்த்து, ஐந்து நிமிடம் காத்திருங்கள். காறல் என்றால் அதற்குள் நமநமப்புத் தொடங்கிவிடும். தொடங்கினால் இன்னும் வேகவையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மறுபடி 20 நிமிடம் வேகவைத்தும் நிற்கவில்லை என்றால் அந்தக் கிழங்கைத் தூக்கிப் போடுங்கள்.

கை அரிப்பதும் இதே ஊசிகளால்தான். ஈரக் கையில் தோல் ஊறி இளகியிருக்கும், கிழங்குச் சாறும் எளிதில் பரவும். பச்சையாகச் சீவ வேண்டியிருந்தால், கிழங்கைக் கழுவுவதற்கு முன், உலர்ந்த கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, அல்லது கையுறை போட்டுக்கொண்டு சீவிவிட்டு, பிறகு கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.

தின்றபின் காறினால், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, குளிர்ந்த பாலோ தயிரோ கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கலாம். ஊசியை அது எடுக்காது, எரிச்சல் தணியும். சாதாரணக் காறல் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நாக்கோ உதடோ கண்ணுக்குத் தெரியும்படி வீங்கினால், எச்சிலை விழுங்க முடியாமல் வடிந்தால், குரல் மாறினால், மூச்சு இழுத்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வாயில் மட்டும் நிற்காமல் உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழுந்தால் அது ஊசியின் வேலை அல்ல, ஒவ்வாமை. அந்தக் கிழங்கு உங்களுக்கு எவ்வளவு வெந்தாலும் ஆகாது.

சிறுநீரகக் கல் இருப்பவர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "காறவில்லை, அதனால் ஆக்சலேட் இல்லை" என்று நினைத்துவிடுவார்கள். கிழங்கில் ஆக்சலேட் இரண்டு விதமாக இருக்கிறது. ஊசியாக இருப்பது கரையாதது. நாக்கைக் குத்துவது அது. இன்னொன்று தண்ணீரில் கரையும் ஆக்சலேட். அது காறாது, ஆனால் குடல் வழியே ரத்தத்தில் ஏறுவது பெரும்பாலும் அதுவே. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதில் ஒரு பங்கு போய்விடும். உணவோடு தயிரோ பாலோ சேர்த்தால் அதன் கால்சியம் இன்னொரு பங்கைக் குடலிலேயே கட்டிப்போடும். உங்களுக்கு எவ்வளவு தகும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பூரிபட்டாவுக்கு மடும்பி இலை எடுப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான், ஆனால் இலை கிழங்கைவிடக் கடுமை. நடு நரம்பைச் சீவி எடுத்துவிட்டு, இளம் இலையாகப் பார்த்து, மாவு தடவிச் சுருட்டியபின் 45 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். மாவில் புளி கலப்பது வழக்கம். மாவு கனமாக இல்லாமல் மெல்லிய பூச்சாக இருந்தால் ஆவி நடுச்சுருள் வரை போகும். வெந்ததா என்று பார்க்க ஓரத்துத் துண்டைக் கிள்ளாதீர்கள். நடுவில் வெட்டி, உள்சுருளின் இலை பச்சை போய் மங்கிய ஒலிவ நிறத்துக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்த பிறகுதான் துண்டு போட்டுப் பொரிக்க வேண்டும்.